90 பாகை அவத்தை நகர்த்தலால் ஒற்றைப் பக்கப்பட்டை: வேண்டாத பட்டையை அடக்குவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பண்டாரவளைப் பக்கத்தில் வீட்டிலேயே பரப்பி கட்டும் சிலர் என்னிடம் நேரிலும் கடிதத்திலும் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். எல்லாக் கணக்கும் 7.1 மெகாஹேர்ட்ஸில் வேலை செய்யும் ஒரே பரப்பியை வைத்துச் செய்யப்பட்டவை. நம் பாடப்புத்தக வழக்கப்படி மீடிறன், அவத்தை, காவி அலை என்றே எழுதுகிறேன். தமிழ்நாட்டு நூல்களில் படித்தவர்கள் முதலிரண்டையும் அதிர்வெண், கட்டம் என்றும் மூன்றாவதை ஊர்தி அலை என்றும் வைத்துக்கொள்ளலாம்.

கிரிஸ்டல் வடிகட்டி போட்டால் வேலை முடிந்தது. எதற்கு இந்த 90 பாகைத் தலைவலி?

நல்ல கிரிஸ்டல் வடிகட்டி கையில் இருந்தால் அதைப் போடுங்கள், நான் தடுக்கமாட்டேன். ஆனால் வடிகட்டி ஒரே மீடிறனில்தான் வேலை செய்யும் என்பதால், அங்கே உருவாக்கிய சமிக்ஞையை இன்னொரு மிக்சரால் 7.1 மெகாஹேர்ட்ஸுக்குக் கொண்டுவர வேண்டும். அந்த மிக்சர் தரும் வேண்டாத விளைவுகளைக் களைய மேலும் வடிகட்டிகள் வேண்டும். அவத்தை முறையில் பேச்சை நேராகவே 7.1 மெகாஹேர்ட்ஸில் ஏற்றிவிடலாம். ஹார்ட்லி என்ற அமெரிக்கப் பொறியியலாளர் 1928 இல் காப்புரிமை பெற்ற முறை இது. தேவையானவை இரண்டு சமநிலை மிக்சர்கள், ஒரு நான்மடி ஒப்ஆம்ப், சில தடையிகள், கொள்ளளவிகள், அவ்வளவுதான். செலவு குறைவு. அதற்குப் பதிலாகப் பொறுமையையும் ஓரளவு அளவீட்டையும் அது கேட்கும்.

ஒரு பட்டை மட்டும் எப்படி அழிகிறது? சூத்திரம் பார்த்தால் தலை சுற்றுகிறது, சேர்.

ஒரே ஒரு சூத்திரத்தை மட்டும் பாருங்கள். பேச்சில் உள்ள ஒரு சுருதியின் கோணம் a, காவி அலையின் கோணம் c.

```
cos a · cos c + sin a · sin c = cos(c − a)
```

சமநிலை மிக்சர் ஒன்று பேச்சையும் காவியையும் பெருக்கும்போது காவிக்கு மேலே ஒரு பட்டையும் கீழே ஒரு பட்டையும் பிறக்கின்றன. இரண்டாவது மிக்சருக்குப் பேச்சையும் 90 பாகை நகர்த்தி, காவியையும் 90 பாகை நகர்த்திக் கொடுத்தால், அதிலும் அதே இரண்டு பட்டைகள் பிறக்கும். ஆனால் அதன் மேற்பட்டை முதல் மிக்சரின் மேற்பட்டைக்குத் தலைகீழாக நிற்கும். இரண்டு வெளியீடுகளையும் கூட்டினால் மேற்பட்டைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, கீழ்ப்பட்டைகள் இரண்டும் சேர்ந்து இரட்டிக்கும். கூட்டுவதற்குப் பதில் கழித்தால் மேற்பட்டை மிஞ்சும். ஆகவே பட்டையை மாற்ற, ஒரு கிளையின் பேச்சைத் தலைகீழாக்கும் சிறு ஆளி போதும். இந்த ஆளியைச் சோம்பலால் விட்டுவிடாதீர்கள். 7 மெகாஹேர்ட்ஸில் கீழ்ப்பட்டை மட்டுமே தேவை என்றாலும், பிழை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் மிகச் சிறந்த கருவி அதுதான். கீழே விளக்குகிறேன்.

வடிகட்டி வேண்டாததை வெட்டி எறிகிறது. இந்த முறையிலோ வேண்டாதது சம எடையுள்ள எதிரியோடு மோதி அழிகிறது. எடையிலோ நேரத்திலோ சிறு வேற்றுமை வந்தாலும் மிச்சம் நிற்கும்.

எவ்வளவு துல்லியம் இருந்தால் போதும்? ஒரு பாகை பிழைத்தால் பெரிய நட்டமா?

சிறு பிழைகளுக்கு இந்தச் சூத்திரம் போதுமானது. δ அவத்தைப் பிழை, ரேடியனில். ε வீச்சப் பிழை, பின்னமாக.

```
S (dB) = 20 log10( 2 / sqrt(δ² + ε²) )
```

வீச்சம் சரியாக இருந்து அவத்தை மட்டும் 1 பாகை பிழைத்தால், வேண்டாத பட்டை 41 டெசிபல் கீழே இருக்கும். 2 பாகை என்றால் 35 டெசிபல். அவத்தை சரியாக இருந்து வீச்சம் மட்டும் 2 சதவீதம் பிழைத்தால் 40 டெசிபல். இரண்டு பிழைகளும் வர்க்கமாகக் கூடுவதால் பெரிய பிழை சிறியதை மறைத்துவிடும். 3 பாகை அவத்தைப் பிழை இருக்கும்போது வீச்சத்தை எவ்வளவு நுணுக்கமாகத் திருகினாலும் மானி அசையாது.

நான் 40 டெசிபலை இலக்காக வைத்துக்கொள்வதற்குக் காரணம் நம் மலைகள்தான். எதிரெதிர் மலைச்சரிவுகளில், நேர்ப் பார்வையில் இருவர் இருந்தால், ஒருவரின் சமிக்ஞை மற்றவரின் வாங்கியில் எஸ்9 க்கு மேல் 40 டெசிபல் வருவது சாதாரணம். வேண்டாத பட்டை 30 டெசிபல் மட்டுமே அடங்கியிருந்தால் அது எஸ்9 க்கு மேல் 10 டெசிபலில் நின்று, காவிக்கு அந்தப் பக்கம் பேசிக்கொண்டிருப்பவரை மூடிவிடும். கொழும்பில் கேட்பவருக்கு அது தெரியவே தெரியாது. பக்கத்து மலைக்காரருக்குத்தான் தொல்லை.

ஒரு சுருதியை 90 பாகை நகர்த்துவது புரிகிறது. பேச்சு முழுவதையும் எப்படி நகர்த்துவது?

அப்படி யாரும் நகர்த்துவதில்லை. பேச்சை இரண்டு கிளைகளாகப் பிரித்து, இரண்டையுமே நகர்த்துகிறோம். ஒவ்வொரு கிளையின் நகர்வும் மீடிறனோடு மாறிக்கொண்டே போகும்; அவற்றுக்கிடையே உள்ள வேற்றுமை மட்டும் 300 முதல் 3000 ஹேர்ட்ஸ் வரை 90 பாகையை ஒட்டியே நிற்கும்படி அமைக்கிறோம்.

ஒவ்வொரு படியும் வீச்சத்தைத் தொடாமல் அவத்தையை மட்டும் நகர்த்தும் ஓல்பாஸ் சுற்று: ஒரு ஒப்ஆம்ப், இரண்டு சமத் தடையிகள், மீடிறனைத் தீர்மானிக்கும் ஒரு தடையி, ஒரு கொள்ளளவி. அந்தத் தடையி R, கொள்ளளவி C என்றால் படியின் மீடிறன் 1/(2πRC). அந்த மீடிறனில் அது சரியாக 90 பாகை நகர்த்தும். கிளைக்கு இரண்டாக நான்கு படிகளை வைத்து, வேற்றுமையின் பிழை பட்டை முழுவதிலும் ஒரே அளவில் ஏறியிறங்கும்படி கணக்கிட்டால் கிடைக்கும் மீடிறன்கள் இவை. முதற் கிளையில் 143.6, 1589 ஹேர்ட்ஸ். இரண்டாம் கிளையில் 566.5, 6266 ஹேர்ட்ஸ். நான்கிலும் 10 நானோபரட் போட்டால், முதற் கிளைக்கு 110.8 கிலோஓம், 10.02 கிலோஓம், இரண்டாம் கிளைக்கு 28.09 கிலோஓம், 2.54 கிலோஓம். கடைத் தடையிகளால் இவற்றைத் தொடராகக் கட்டலாம்: 110 கிலோவுடன் 820 ஓம், தனியாக 10 கிலோ, 27 கிலோவுடன் 1.1 கிலோ, 2.2 கிலோவுடன் 330 ஓம்.

இந்த அமைப்பு பிழையே இல்லாமல் கட்டப்பட்டாலும் வேற்றுமை 88.9 பாகைக்கும் 91.1 பாகைக்கும் இடையே ஊசலாடும். அதாவது ±1.1 பாகை, மோசமான இடத்தில் அடக்கம் 40 டெசிபல். இதற்கு மேல் வேண்டுமானால் கிளைக்கு மூன்று படிகள் போடலாம். ஆனால் கையிலுள்ள கொள்ளளவிகள் அந்தத் துல்லியத்துக்கு ஈடுகொடுக்காவிட்டால் கூடுதல் படிகள் வீண்.

இன்னொன்று. ஒவ்வொரு ஒப்ஆம்பிலும் பின்னூட்டத்துக்குள்ள அந்த இரண்டு சமத் தடையிகளை அலட்சியம் செய்யாதீர்கள். அவை 1 சதவீதம் வேறுபட்டால் வீச்சம் தாழ்ந்த சுருதிகளில் ஒன்றாகவும் உயர்ந்த சுருதிகளில் வேறாகவும் இருக்கும்; வீச்சத் திருகியால் ஓரிடத்தில் மட்டுமே அதைச் சரிசெய்ய முடியும். மல்டிமீற்றரால் அளந்து சோடி சேருங்கள்.

1 சதவீதக் கொள்ளளவி எங்கே தேடியும் கிடைக்கவில்லை. 5 சதவீதம் போட்டால் என்ன?

ஒரே வகையில், ஒரே பொதியில் இருபது வாங்கி, அளந்து, ஒன்றுக்கொன்று மிக நெருங்கிய நான்கைப் பொறுக்கி எடுத்தால் 5 சதவீதமே போதும். நான்கும் 10 நானோபரட்டாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. நான்கும் ஒன்றாக இருப்பதே முக்கியம். நான்குமே 10.4 நானோபரட் என்றால், வேலை செய்யும் பட்டை 300–3000 இலிருந்து ஏறத்தாழ 290–2880 ஹேர்ட்ஸுக்கு நகரும். 90 பாகை கெடாது. ஆனால் ஒன்று மட்டும் 5 சதவீதம் விலகினால், அந்தப் படியின் சொந்த மீடிறனில் 2.9 பாகைப் பிழை வரும். அடக்கம் 32 டெசிபலுக்குச் சரியும். இந்தக் காரணத்தால், விலை கொடுத்து வாங்கிய எல்சிஆர் மீற்றர் உண்மையளவை 2 சதவீதம் கூட்டிக் காட்டினாலும் பரவாயில்லை. நான்கையும் ஒரே மாதிரிக் கூட்டிக் காட்டினால் சரி.

வகையில் மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது. பொலிப்ரொப்பிலீன், பொலிஸ்டைரீன், சி0ஜி வகைச் செராமிக் ஆகியவை நல்லவை. சாதாரண வட்டச் செராமிக் வேண்டாம். சோல்டரிங் செய்யும் சூட்டிலேயே அதன் அளவு மாறுவதை மீற்றரில் பார்க்கலாம்.

காவி அலையின் 90 பாகையை எப்படிச் செய்வது?

28.4 மெகாஹேர்ட்ஸில் அலையைப் பிறப்பித்து, ஒரு 74AC74 சிப்பின் இரண்டு பிளிப்-பிளொப்களால் நான்கால் வகுப்பதே நான் கண்ட சுலபமான வழி. இரண்டு வெளியீடுகளும் 7.1 மெகாஹேர்ட்ஸில் 90 பாகை விலகி வரும். Si5351 போன்ற சிப்பே இரண்டு வெளியீடுகளையும் 90 பாகை விலக்கித் தரும் என்பது உண்மை. ஆனால் 710 மெகாஹேர்ட்ஸை 100 ஆல் வகுத்து 7.1 எடுக்கும்போது அதன் அவத்தைப் படி ஒன்று 0.9 பாகை. 90 ஐத் தொடுவதற்கு அது நல்லது. நுணுக்கத் திருத்தத்துக்கு அந்தப் படி பெரிது.

7.1 மெகாஹேர்ட்ஸில் 1 பாகை என்பது 0.39 நானோ செக்கன். சாதாரணக் கோஅக்சியல் கேபிளில் அது 8 சென்ரிமீற்றர். சிப்பிலிருந்து ஒரு மிக்சருக்கு 5 சென்ரிமீற்றர், மற்றதற்கு 15 சென்ரிமீற்றர் என்று இடத்துக்கேற்ப வளைத்துக் கட்டியவர்கள், பிழையை ஒப்ஆம்ப் பலகையில் தேடி நாட்களைக் கழித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

நுணுக்கத் திருத்தத்துக்கு ஒவ்வொரு காவி வழியிலும் 100 ஓம் தடையியும், அதன் பின் நிலத்துக்கு ஒரு சிறு கொள்ளளவியும், அதைத் தொடர்ந்து ஒரு கேற்றும் போடுங்கள். ஒரு வழியில் கொள்ளளவி நிலையானது, மற்றதில் திருகக்கூடியது. 6 பிகோபரட் வேற்றுமை ஏறத்தாழ 1 பாகையைத் தரும்.

அலைவுகாட்டி மட்டுமே இருக்கிறது, ஸ்பெக்ட்ரம் பார்க்கும் கருவி இல்லை. எப்படி அளப்பது?

50 ஓம் போலிச் சுமையைப் போட்டு, ஒலிவாங்கி நுழைவில் ஒரு தூய சுருதியைக் கொடுத்து, வெளியீட்டை அலைவுகாட்டியில் பாருங்கள். பட்டை ஒன்றே ஒன்று என்றால் வீச்சம் சமமான நாடா போலத் தெரியும். வேண்டாதது கலந்திருந்தால் நாடாவின் விளிம்பு நெளியும். சுருதியோடு அலைவுகாட்டியை ஒத்திசைத்து நெளிவுகளை எண்ணுங்கள்: சுருதியின் ஒரு சுற்றுக்கு ஒரு மேடு என்றால் அது காவி அலைக் கசிவு, இரண்டு மேடு என்றால் வேண்டாத பட்டை. இந்த வித்தியாசம் தெரியாமல், காவிச் சமநிலைத் திருகியைத் திருக வேண்டிய இடத்தில் அவத்தையைத் திருகிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர்.

ஆனால் 30 டெசிபலுக்கு மேல் கண் உதவாது. நெளிவு 3 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். அதற்கப்பால் ஒரு வாங்கி வேண்டும். ஒடுங்கிய வடிகட்டியுள்ள வாங்கியைப் போலிச் சுமைக்கருகே ஒரு சிறு கம்பியோடு வைத்து, 1000 ஹேர்ட்ஸ் சுருதிக்கு 7.099 மெகாஹேர்ட்ஸில் வேண்டிய பட்டையையும், 7.101 இல் வேண்டாத பட்டையையும் மாறி மாறிக் கேளுங்கள். எஸ் மானியின் எண்ணை நம்பாதீர்கள். வாங்கியின் முன்னால், 1 டெசிபல் படிகளாக மாற்றக்கூடிய குறைப்பி ஒன்றை வைத்து, வேண்டிய பட்டையை எத்தனை டெசிபல் குறைத்தால் மானி முள் வேண்டாத பட்டையின் இடத்துக்கு வருகிறது என்று பாருங்கள். அந்த எண்தான் அடக்கம்.

வாங்கியும் இல்லாதவருக்கு ஒரு பழைய வழி: ஜெர்மேனியம் இருவாயி ஒன்றால் வெளியீட்டைத் திருத்தி, காதில் மாட்டும் இயர்போனில் கேளுங்கள். 1000 ஹேர்ட்ஸ் கேட்டால் காவிக் கசிவு. அதற்கு ஒரு ஸ்தாயி மேலே 2000 ஹேர்ட்ஸ் கேட்டால் வேண்டாத பட்டை. எண் கிடைக்காது, ஆனால் சத்தம் எப்போது மிகக் குறைகிறது என்பதைக் காது நன்றாகவே சொல்லும். பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் விசிறிகள் ஓடாத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள்.

கீழ்ப்பட்டையில் 46 டெசிபல் அடக்கம் கிடைத்தது, ஆளியை மேற்பட்டைக்குப் போட்டால் 28 தான். ஆளி பழுதா?

ஆளி சரியாகத்தான் இருக்கும். இது என் மேசையிலேயே நடந்தது, இதே எண்கள்தான். அந்த மாலையில் செய்ததை அப்படியே எழுதுகிறேன்.

1000 ஹேர்ட்ஸ் சுருதியில் முதல் அளவு 24 டெசிபல். சூத்திரத்தைத் திருப்பிப் போட்டால் மொத்தப் பிழை 0.126. வீச்சத் திருகியைத் திருகத் திருக 31 வரை வந்தது. பிறகு எந்தப் பக்கம் திருகினாலும் குறையவே செய்தது. மிச்சம் அவத்தைப் பிழைதான் என்பதற்கு அதுவே அடையாளம். 31 டெசிபல் என்பது 3.2 பாகை. முதலில் இருந்த 0.126 இல் வீச்சத்தின் பங்கு ஏறத்தாழ 11 சதவீதம், அதாவது 1 டெசிபல். இரு மிக்சர்களின் வேறுபாட்டுக்கு அது வழக்கமான அளவுதான். பிறகு காவி வழியிலிருந்த திருகுகொள்ளளவியைத் திருகினேன். 46 டெசிபல் வந்தது. மகிழ்ச்சியோடு பெட்டியை மூடும் முன், சும்மா ஆளியை மாற்றிப் பார்த்தேன்: 28.

இதன் விளக்கம் எளிது. பேச்சுப் பக்கத்து அவத்தைப் பிழை α, காவிப் பக்கத்துப் பிழை β என்று வையுங்கள். கீழ்ப்பட்டையை எடுக்கும்போது மேற்பட்டையை அழிப்பதில் குறுக்கிடும் பிழை α + β. மேற்பட்டையை எடுக்கும்போது குறுக்கிடும் பிழை β − α. நான் செய்தது என்னவென்றால், பேச்சுப் பக்கத்திலிருந்த பிழையை அதற்கு எதிரான ஒரு பிழையைக் காவிப் பக்கத்தில் புகுத்தி மறைத்தது. ஒரு பட்டையில் இரண்டும் ஒன்றையொன்று அழித்தன. மற்றப் பட்டையில் இரண்டும் கூடின. 28 டெசிபல் என்றால் 4.6 பாகை. அதில் பாதி, 2.3 பாகை, பேச்சுப் பக்கத்தின் பிழை. தொடக்கத்தில் இருந்த 3.2 இல் மீதி 0.9 பாகை மட்டுமே காவிப் பக்கத்தினது. வீச்சப் பிழை இரு பட்டைக்கும் ஒரே மாதிரி என்பதால் ஆளியை மாற்றுவது அதைப் பாதிக்காது. ஆகவே ஆளியால் வரும் வேற்றுமை முழுவதும் அவத்தையினுடையதே.

அடுத்து, திருகுகொள்ளளவியைக் கீழ்ப்பட்டை அழியும் நிலைக்கும் மேற்பட்டை அழியும் நிலைக்கும் நடுவே வைத்தேன். இரண்டிலும் 34 டெசிபல் வந்தது. அதுவே காவிப் பக்கத்தின் உண்மையான 90 பாகை. அங்கே அதை முத்திரையிட்டு, இனித் தொடுவதில்லை என்று முடிவு செய்தேன். மிச்சம் பேச்சுப் பலகைதான். 1000 ஹேர்ட்ஸை ஒட்டி அமைப்பிலேயே 1.1 பாகைக் குறை இருக்கிறது என்பதைக் கழித்தால், கண்டுபிடிக்க வேண்டியது 1.2 பாகை மட்டும். நான்கு கொள்ளளவிகளின் ஒரு காலைத் தூக்கி அளந்தேன். இரண்டாம் கிளையின் 566 ஹேர்ட்ஸ் படியில் இருந்தது 10.25 நானோபரட், மற்ற மூன்றும் 10.0 ஐ ஒட்டியவை. பொறுக்கி வைத்த நான்கில் ஒன்றைத் தரையில் தவறவிட்டு, பெட்டியிலிருந்த வேறொன்றை அளக்காமல் போட்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. 2.5 சதவீதம் கூடிய கொள்ளளவி, அந்தப் படியில், 1000 ஹேர்ட்ஸில் தரும் பிழை 1.2 பாகை. கணக்கு ஒத்துப்போனது. அதை மாற்றியபின் 1000 ஹேர்ட்ஸில் இரு பட்டைகளிலும் 40 ஐ ஒட்டி வந்தது. 46 போனதில் எனக்கு வருத்தமில்லை; அந்த 46 ஒரு சுருதியின் எண், இந்த 40 பட்டை முழுவதுக்குமானது.

எந்தச் சுருதியை வைத்துத் திருத்துவது? எல்லோரும் 1000 ஹேர்ட்ஸ் என்றே எழுதுகிறார்கள்.

மேலே சொன்ன நான்கு படி அமைப்புக்கு 1000 ஹேர்ட்ஸ் கிட்டத்தட்ட மிக மோசமான தெரிவு. பட்டையின் பெருக்கல் நடு 949 ஹேர்ட்ஸ். அங்கே வேற்றுமை 88.9 பாகை, அதாவது ஊசலின் ஒரு விளிம்பு. அங்கே அவத்தையை முழுமையாக அழித்தால் அந்த 1.1 பாகையைக் காவிப் பக்கத்தில் ஈடுகட்டியதாகிவிடும். அதன்பின் ஊசலின் மறு விளிம்பான 430 ஹேர்ட்ஸ் சுற்றிலும், 2060 ஹேர்ட்ஸ் சுற்றிலும் பிழை 2.2 பாகையாகி, அடக்கம் 34 டெசிபலுக்கு இறங்கும். 633 ஹேர்ட்ஸ், 1420 ஹேர்ட்ஸ் ஆகிய இரண்டிலும் அமைப்பின் சொந்தப் பிழை சுழியம். அவற்றில் ஒன்றை வைத்துத் திருத்துங்கள். பிறகு 400, 1000, 2500 இல் சரிபாருங்கள். உங்கள் அமைப்பின் மீடிறன்கள் வேறாக இருந்தால் இந்த இரண்டு இடங்களும் நகரும். கால்குலேற்றரில் பத்து நிமிட வேலை.

சுருதியில் நன்றாக அடங்குகிறது. பேசினால் மட்டும் மறுபக்கத்தில் உறுமல் கேட்கிறது என்கிறார் நண்பர்.

உங்கள் குரல் 300 ஹேர்ட்ஸுக்குக் கீழேயும் இருக்கிறது. 150 ஹேர்ட்ஸில் இந்த அமைப்பின் வேற்றுமை 71 பாகை மட்டுமே. அடக்கம் 15 டெசிபல். ஆண் குரலின் அடிச்சுருதி அந்தப் பகுதியில்தான் விழுகிறது. வேண்டாத பட்டையில் கேட்கும் உறுமல் அதுதான். அவத்தைப் பலகைக்கு முன்னால் 300 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் வடிகட்டி கட்டாயம் வேண்டும். 3000 க்கு மேலும் அப்படியே. பலகைக்குப் பின்னால், ஒவ்வொரு கிளையிலும் தனித்தனியாக வடிகட்டி போடாதீர்கள். இரண்டும் இம்மியும் பிசகாமல் ஒத்திருக்காது, கஷ்டப்பட்டுச் சேர்த்த 90 பாகை அங்கேயே போய்விடும்.

இன்னொரு காரணமும் உண்டு. இறுதி விரியலாக்கியை அளவுக்கு மீறி ஓட்டினால், பேச்சின் பல சுருதிகள் அதற்குள் ஒன்றோடொன்று கலந்து மறுபக்கத்தில் விழும். ஒற்றைச் சுருதியில் இது தெரியாது. வலுவைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள்: வேண்டிய பட்டையைவிட உறுமல் வேகமாகக் குறைந்தால் குற்றம் விரியலாக்கியுடையது, இரண்டும் ஒரே அளவில் குறைந்தால் அவத்தையினுடையது.

பகலில் சரியாக இருக்கும் அடக்கம், நுவரெலியாவில் இரவு பனி இறங்கியதும் கெட்டுப்போகிறது. குளிர்தானே காரணம்?

குளிர் என்று தோன்றினாலும் பெரும்பாலும் ஈரம்தான். நான்கு கொள்ளளவிகளும் ஒரே வகையாக இருந்தால் குளிரில் நான்கும் ஒன்றாகவே மாறும். பட்டை சற்று நகரும், 90 பாகை நிலைக்கும். ஆனால் பனிமூட்டம் வீட்டுக்குள் வந்து பலகையில் படியும்போது, கழுவாமல் விட்ட சோல்டர்ப் பசை அதை உறிஞ்சிக் கசியத் தொடங்கும். 110 கிலோஓம் தடையிக்குக் குறுக்கே 10 மெகாஓம் கசிவு வந்தாலே அதன் மதிப்பு 1 சதவீதம் குறையும். மற்ற மூன்று தடையிகளும் சிறியவை என்பதால் அசையாது. ஒன்று மட்டும் விலகுவதே நமக்கு ஆகாதது. 143 ஹேர்ட்ஸ் படி அது என்பதால் கேடு தாழ்ந்த சுருதிகளில்தான் முதலில் தெரியும்: 400 இல் அடக்கம் குறைந்து 2500 இல் அப்படியே இருந்தால் ஈரத்தைச் சந்தேகியுங்கள். பலகையை ஐசோப்ரொப்பைல் ஆல்ககோலில் கழுவி, நன்றாகக் காயவைத்து, அரக்குப் பூசுங்கள். எங்கள் பழைய லயத்துக் காம்பிராவில், அடுப்புச் சுவரை ஒட்டிய மேசையில் இருந்த பலகைக்கு இந்தத் தொல்லை ஒருநாளும் வந்ததில்லை.

இதே பரப்பியை 14 மெகாஹேர்ட்ஸுக்கு மாற்றினால் திரும்பவும் திருத்த வேண்டுமா?

காவிப் பக்கத்தை மட்டும். திருகுகொள்ளளவி கொடுப்பது ஒரு தாமதம், 7.1 இல் 1 பாகையாக இருந்த அதே 0.4 நானோ செக்கன், 14.2 இல் 2 பாகை. கம்பி நீள வேற்றுமையும் அதுபோல இரட்டிக்கும். அனுப்பப்போவது மேற்பட்டையை என்றாலும் ஆளியை இரண்டு பக்கமும் போட்டு நடு நிலையைக் கண்டுபிடியுங்கள். மிக்சர்களின் வீச்ச வேற்றுமையும் மீடிறனோடு மாறுவதால் வீச்சத் திருகியை ஒருமுறை பார்க்க வேண்டும். பேச்சுப் பலகையைத் தொட வேண்டியதில்லை. அதற்கு நீங்கள் எந்த மீடிறனில் பேசுகிறீர்கள் என்பது தெரியாது. 7, 14 மெகாஹேர்ட்ஸ் இரண்டுக்கும் சேர்த்து ஒரே பெட்டி கட்டுபவர்கள் இரண்டு திருகுகொள்ளளவிகளை வைத்து, மீடிறன் மாற்றும் ஆளியோடு சிறு ரிலே ஒன்றால் மாற்றிக்கொள்வது வழக்கம். ரிலேயின் இரு தொடுகைக் கம்பிகளையும் ஒரே நீளத்தில் வெட்டுங்கள்.